வெட்டுத் தட்டும் ஒளிச் சென்சாரும்: மோட்டார் வேகத்தை எண்ணி அளப்பதா, நேரம் பிடித்து அளப்பதா?

கடலூர் முதுநகரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், தன் கட்டும் இயந்திரத்துக்கு வேகம் காட்டும் மீட்டர் வேண்டும் என்று கேட்டார். 24 வோல்ட் டி.சி. மோட்டார், அதிகபட்சம் நிமிடத்துக்கு 1500 சுற்று. மெல்லிய 36 கேஜ் கம்பி கட்டும்போது 100 சுற்றில் தொடங்கிப் பையப்பைய ஏற்ற வேண்டும். திடீரென ஏற்றினால் கம்பி அறுந்துவிடும், அதுவரை கட்டிய காயில் வீண். ஆகவே அவருக்கு மெதுவான வேகம்தான் முக்கியம். நான் செய்து கொடுத்த முதல் மீட்டர் மெதுவான வேகத்தில்தான் தவறியது. ஏன் தவறியது, எப்படிச் சரிசெய்தோம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஆர்டுயினோ போர்டில் ஒரு எல்.இ.டி.யை மினுக்கத் தெரிந்தவர் யாரும் இதைச் செய்துவிடலாம்.

தட்டும் சென்சாரும்

மோட்டார் தண்டில் ஒரு வட்டத் தட்டு. அதன் விளிம்பைச் சுற்றி 20 வெட்டுகள். தட்டின் விளிம்பு, லாட வடிவச் சென்சாரின் இடுக்கில் ஓடும். சென்சாரின் ஒரு காலில் அகச்சிவப்பு எல்.இ.டி., எதிர்க்காலில் ஃபோட்டோ டிரான்சிஸ்டர். வெட்டு வந்தால் ஒளி கடக்கும், பல் வந்தால் மறையும். பக்கத்தில் உள்ள எல்.எம்.393 கம்பாரேட்டர் சில்லு அதைத் தெளிவான பல்ஸாக மாற்றிக் கொடுக்கும். ரோபோ உதிரிபாகம் விற்கும் கடைகளில் இந்த மாட்யூல் எளிதாகக் கிடைக்கும். மூன்று கம்பிதான்: 5 வோல்ட், கிரவுண்ட், வெளியீடு. வெளியீட்டை உனோ போர்டின் 2-ஆம் பின்னில் கொடுங்கள், அது இன்டரப்ட் எடுக்கும் பின், அதாவது பல்ஸ் வந்த கணமே ஓடும் நிரலை நிறுத்தி அதைக் கவனிக்க வைக்கும் பின்.

தட்டுக்கு எதை எடுப்பது என்பதில் அவசரம் வேண்டாம். முதலில் கறுப்பு அக்ரிலிக்கில் வெட்டினேன். கண்ணுக்கு மை போலக் கறுப்பு, ஆனால் சென்சார் அதைக் கண்ணாடியாகவே பார்த்தது. சாயம் ஏற்றிய கறுப்பு அக்ரிலிக் பலவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்குமே தவிர, அகச்சிவப்பை விட்டுவிடும். வெட்டுவதற்கு முன்பே ஒரு துண்டைச் சென்சார் இடுக்கில் நுழைத்துப் பாருங்கள். மாட்யூலில் உள்ள சிறு விளக்கு மாறவில்லை என்றால் அந்தப் பொருள் உதவாது. இரும்புத் தகடு ஒளியை நன்றாகத் தடுக்கும். ஆனால் துறைமுகத்துப் பக்கம் உப்புக் காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் 1 மி.மீ. அலுமினியத் தகட்டில் 50 மி.மீ. விட்டத்துக்குத் தட்டு வெட்டினேன். ஒளி கடக்கும் இடம் மையத்திலிருந்து 20 மி.மீ. தூரம். அங்கே சுற்றளவு சுமார் 126 மி.மீ., அதை 20-ஆல் வகுத்தால் ஒரு வெட்டும் ஒரு பல்லும் சேர்ந்து 6.3 மி.மீ. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மோட்டாரை ஓட்டுவதற்கு முன் கையால் சுற்றுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் படி இது. வரும் பல்ஸை மட்டும் எண்ணித் திரையில் காட்டும் சிறு நிரலை எழுதுங்கள். தட்டில் ஒரு கோடு போட்டு, கையால் மெதுவாகச் சரியாகப் பத்துச் சுற்று சுற்றுங்கள். எண்ணிக்கை 200 வர வேண்டும். எனக்கு 200-ஐத் தாண்டியது. ஒவ்வொரு முறை சுற்றியபோதும் வேறு வேறு எண்.

பல்லின் ஓரம் ஒளியை மெல்ல மறைக்கும்போது, ஃபோட்டோ டிரான்சிஸ்டரின் வோல்டேஜ் கம்பாரேட்டரின் எல்லைக் கோட்டை மெல்லத்தான் கடக்கிறது. ஏறுவதற்கு ஓர் எல்லை, இறங்குவதற்குச் சற்றுத் தள்ளி வேறோர் எல்லை என்று வைக்கும் தயக்கம், அதாவது ஹிஸ்டரிசிஸ், இந்த மாட்யூல்களில் கம்பாரேட்டருக்கு இல்லை. எல்லைக்கு அருகே சிறு இரைச்சல் இருந்தாலும் மேலும் கீழும் பலமுறை துள்ளிவிடும், ஒரு ஓரம் மூன்று நான்கு பல்ஸாக எண்ணப்படும். மோட்டார் பிரஷ்ஷின் பொறி இரைச்சலும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டதும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. பலர் 100 நானோஃபாரட் போடச் சொல்வார்கள். மெதுவான வேகத்துக்கு அதுவும் சரிதான். ஆனால் மாட்யூலில் உள்ள 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு சேர்ந்தால் பல்ஸ் ஏறுவதற்கே ஒரு மில்லி செகண்ட் ஆகும், வேகம் கூடும்போது பல்ஸ் தேய்ந்து காணாமலே போகும். மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் போடுங்கள். கையால் சுற்றி 200 வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

எண்ணி அளப்பது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இதுதான். குறிப்பிட்ட நேரத்துக்கு, உதாரணமாக 0.1 செகண்டுக்கு, வாசலைத் திறந்து வைத்து வரும் பல்ஸை எண்ணு, பிறகு பெருக்கு.

```
rpm = 60 * count / (20 * gate)
```

0.1 செகண்ட் வாசலில் ஒரு பல்ஸின் மதிப்பு 60 / (20 × 0.1), அதாவது 30 ஆர்.பி.எம். பாதிப் பல்ஸ் என்று எதுவும் கிடையாது, ஆகவே மீட்டர் 30, 60, 90, 120 என்று படிக்கட்டாகத்தான் காட்ட முடியும். மோட்டார் 100 சுற்றில் ஓடினால் செகண்டுக்கு 33.3 பல்ஸ், வாசலுக்குள் 3.33. சில முறை மூன்று விழும், சில முறை நான்கு. திரையில் 90, 90, 120, 90 என்று ஆடும்.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "என்னப்பா இது, தொண்ணூறுங்குது, கண்ண மூடித் தெறந்தா நூத்திருபதுங்குது. கம்பி அறுக்கறதுக்கு மீட்டர் எதுக்கு?"

வாசலை ஒரு செகண்டாக்கினால் படி 3 ஆர்.பி.எம். ஆகக் குறையும். ஆனால் திரை செகண்டுக்கு ஒருமுறைதான் மாறும். அதற்குள் அவர் கால் பெடலை அழுத்தி வேகத்தை இரட்டிப்பாக்கியிருப்பார். எண்ணி அளப்பதில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு: துல்லியம் வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். வேகமான மோட்டாருக்கு அது பெரிய குறையே இல்லை. 12000 சுற்றில் ஓடும் மோட்டாரில் அதே 0.1 செகண்டில் 400 பல்ஸ் விழும், ஒரு பல்ஸ் தவறினால் கால் சதவீதம்தான் பிழை.

நேரம் பிடித்து அளப்பது

இதைத் தலைகீழாக்கினால் இரண்டாவது வழி. ஒரு பல்ஸுக்கும் அடுத்த பல்ஸுக்கும் இடையே எத்தனை மைக்ரோசெகண்ட் ஆனது என்று அளந்து, அதால் வகுப்பது.

```
rpm = 60000000 / (20 * period_us)
```

100 சுற்றில் இரண்டு பல்ஸுக்கு நடுவே 30000 மைக்ரோசெகண்ட். உனோவில் `micros()` நான்கு மைக்ரோசெகண்ட் படிகளில் நகரும். 30000-ல் 4 என்பது சுமார் 0.013 சதவீதம், வேகத்தில் சொன்னால் 0.01 ஆர்.பி.எம். எண்ணும் முறையில் 30 ஆக இருந்த படி இங்கே கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. காத்திருப்பும் ஒரு பல்ஸ் நேரம்தான்.

வேகம் ஏற ஏற இது கெடும். 12000 சுற்றில் பல்ஸ் இடைவெளி 250 மைக்ரோசெகண்ட், அதில் 4 என்றால் 1.6 சதவீதம், அதாவது 190 சுற்றுக்கு மேல். எண்ணும் முறை அங்கே 30 சுற்றுப் படியோடு முந்திவிடுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தைக் கணக்கிடலாம். பல்ஸ் அதிர்வெண்ணை f என்றும், வாசல் நேரத்தை T என்றும், கடிகாரப் படியை t என்றும் வைத்தால்:

```
f = 1 / sqrt(T * t)
```

0.1 செகண்டும் 4 மைக்ரோசெகண்டும் போட்டால் செகண்டுக்குச் சுமார் 1580 பல்ஸ் வரும், நம் 20 வெட்டுத் தட்டில் அது 4740 ஆர்.பி.எம். அதற்குக் கீழே நேரம் பிடிப்பது மேல், அதற்கு மேலே எண்ணுவது மேல். அண்ணனின் இயந்திரம் 1500-ஐத் தாண்டாது. ஆகவே கேள்விக்கே இடமில்லை, நேரம் பிடிப்போம் என்று முடிவு செய்தேன்.

போட்டுப் பார்த்தபோது மீட்டர் முன்பைவிட அதிகமாக ஆடியது.

ஆடியது தட்டு, கடிகாரம் இல்லை

1500 சுற்றில் பல்ஸ் இடைவெளி 2000 மைக்ரோசெகண்ட். கடிகாரப் பிழை கணக்குப்படி 3 சுற்றுதான். ஆனால் திரையில் ஐம்பது சுற்று மேலும் கீழும் ஆடியது. அரை நாள் நிரலைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு வந்த இடைவெளிகளை வரிசையாக அச்சிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு இருபது எண்ணுக்கும் ஒருமுறை அதே ஏற்ற இறக்கம் திரும்பி வந்தது. இருபதுக்கு ஒருமுறை திரும்பினால் அது தட்டில் உள்ள விஷயம்.

தட்டை ரம்பத்தாலும் அரத்தாலும் கையால் வெட்டியிருந்தேன். ஒரு வெட்டின் ஓரம் 0.2 மி.மீ. தள்ளியிருந்தாலும், 6.3 மி.மீ. இடைவெளியில் அது 3 சதவீதத்துக்கு மேல். 1500-ல் 48 சுற்று. தட்டு மையத்தில் சரியாக உட்காராவிட்டாலும் இப்படித்தான், ஒரு பாதிச் சுற்றில் வேகம் கூடியதாகவும் மறு பாதியில் குறைந்ததாகவும் காட்டும். மோட்டார் சீராகத்தான் ஓடும். எண்ணும் முறை இந்தக் குறையை வெளியே காட்டியிருக்காது. நேரம் பிடிக்கும் முறை தட்டின் ஒவ்வொரு கோணலையும் வேகமாக மொழிபெயர்த்துக் காட்டிவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு எச்சரிக்கை. ஏறும் ஓரத்திலிருந்து அடுத்த ஏறும் ஓரம் வரை மட்டுமே அளக்க வேண்டும். ஏறும் ஓரத்திலிருந்து இறங்கும் ஓரம் வரை அளந்தால் நீங்கள் அளப்பது பல்லின் அகலம். பல்லும் வெட்டும் ஒரே அகலத்தில் அமைவது அரிது.

மருந்து எளிது. ஒரு முழுச் சுற்றின் நேரத்தை அளந்தால், அதே வெட்டின் அதே ஓரத்தில் தொடங்கி அங்கேயே முடிகிறோம், கோணல்கள் எல்லாம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஆனால் 100 சுற்றில் ஒரு முழுச் சுற்றுக்கு 0.6 செகண்ட் ஆகும். மறுபடியும் காத்திருப்பு.

இரண்டையும் சேர்ப்பது

கடைசியில் நிலைத்தது இதுதான். 0.1 செகண்டுக்கு ஒருமுறை பார். அதற்குள் எத்தனை பல்ஸ் வந்தது என்று எண்ணு. ஆனால் வகுக்கும்போது 0.1 செகண்டால் வகுக்காதே. சென்ற முறை கடைசியாக வந்த பல்ஸிலிருந்து இம்முறை கடைசியாக வந்த பல்ஸ் வரை உண்மையில் ஆன நேரத்தால் வகு. எண்ணிக்கை முழு எண்ணாக இருப்பது இப்போது குறையில்லை, ஏனென்றால் நேரமும் பல்ஸ் ஓரத்திலேயே தொடங்கிப் பல்ஸ் ஓரத்திலேயே முடிகிறது.

```
const byte SLOTS = 20;
volatile unsigned long lastT = 0;
volatile unsigned int n = 0;

void edge() {
  unsigned long t = micros();
  if (t - lastT < 300) return;
  lastT = t;
  n++;
}

void setup() {
  Serial.begin(115200);
  pinMode(2, INPUT);
  attachInterrupt(digitalPinToInterrupt(2), edge, RISING);
}

void loop() {
  static unsigned long t0 = 0;
  static unsigned int n0 = 0;
  delay(100);
  noInterrupts();
  unsigned int c = n;
  unsigned long t = lastT;
  interrupts();
  unsigned int d = c - n0;
  if (d > 0) {
    Serial.println(60.0e6 * d / ((float)SLOTS * (t - t0)));
    n0 = c;
    t0 = t;
  } else if (micros() - t > 1000000UL) {
    Serial.println(0);
  }
}
```

100 சுற்றில் 0.1 செகண்டுக்குள் மூன்று நான்கு பல்ஸ் வரும். கடிகாரப் பிழை மறந்துவிடும் அளவு சிறியது. தட்டின் கோணல் மூன்று இடைவெளிகளுக்குப் பங்கிடப்பட்டு ஒரு சதவீதமாகும், அதாவது ஒரு சுற்று. 1500 சுற்றில் 50 பல்ஸ் வரும், கோணல் ஐம்பதாகப் பங்கிடப்பட்டு அங்கேயும் ஏறக்குறைய ஒரு சுற்றுதான். வேகம் எதுவானாலும் பிழை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. `delay(100)` சற்று முன்பின் ஆனாலும் கவலையில்லை, அந்த 100 கணக்கிலேயே வருவதில்லை.

நிரலில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். `noInterrupts()` இல்லாவிட்டால், நான்கு பைட் நேரத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே புதுப் பல்ஸ் வந்து பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கலந்துவிடும். எப்போதாவது ஒருமுறை நம்ப முடியாத எண் எட்டிப் பார்த்தால் முதலில் இதைப் பாருங்கள். மோட்டார் நின்று மறுபடி ஓடத் தொடங்கும்போது வரும் முதல் எண்ணை விட்டுவிடுங்கள், அதில் நின்றிருந்த நேரமும் சேர்ந்திருக்கும்.

மூன்றாவது, அந்த 300. ஒரு பல்ஸ் வந்து 300 மைக்ரோசெகண்டுக்குள் வரும் துள்ளலை அது ஒதுக்கிவிடும். இதை நம்பிக் கெப்பாசிட்டரை விட்டுவிடாதீர்கள். 1500 சுற்றில் பல்ஸ் ஏறியபின் இறங்குவது சுமார் 1000 மைக்ரோசெகண்ட் கழித்துத்தான். இறங்கும் ஓரத்தில் துள்ளினால் அங்கே ஒரு பொய்யான ஏற்றம் வரும், அது 300-ஐ எப்போதோ தாண்டியிருக்கும். நிரல் அதை உண்மையான பல்ஸ் என்றே எடுத்துக்கொள்ளும்.

நிற்கும் நேரம் தனிக் கதை. பல்ஸே வராவிட்டால் வகுக்க எதுவும் இல்லை, எனவே திரையில் கடைசி எண் அப்படியே உறைந்து நிற்கும். மோட்டார் நின்றுவிட்டது, மீட்டர் 80 என்கிறது. அதனால்தான் ஒரு செகண்ட் பல்ஸ் இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுதினேன். நம் தட்டில் செகண்டுக்கு ஒரு பல்ஸ் என்பது 3 ஆர்.பி.எம்., ஆகவே அதற்குக் கீழான வேகம் எல்லாம் இந்த மீட்டருக்குப் பூஜ்யம்தான்.

காலையில் மட்டும் வந்த கோளாறு

மீட்டரைக் கடையில் பொருத்திய மறுநாள் காலை எட்டு மணிக்கு அண்ணனிடமிருந்து போன்: இயந்திரம் ஓடுகிறது, மீட்டர் பூஜ்யம். நான் பத்து மணிக்குப் போனபோது நன்றாக இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் எட்டு மணிக்கே போய் உட்கார்ந்தேன். கடை வாசல் கிழக்கு பார்த்தது. கடல் பக்கமிருந்து வரும் காலை வெயில் நேராக ஃபோட்டோ டிரான்சிஸ்டர் மீது விழுந்தது. வெயிலில் அகச்சிவப்பு தாராளமாக உண்டு. பல் மறைத்தாலும் சென்சாருக்கு எப்போதும் வெளிச்சம்தான், ஆகவே பல்ஸே இல்லை. கையால் நிழல் பிடித்ததும் மீட்டர் உயிர் பெற்றது. சென்சாரைச் சுற்றி மெல்லிய தகட்டில் ஒரு கூடு வைத்தோம், அத்தோடு தீர்ந்தது. காலம் பார்த்து வரும் கோளாறு என்றால் நிரலைத் திறப்பதற்கு முன் வெளிச்சத்தைப் பாருங்கள்.

மீட்டர் சொல்வது உண்மையா என்று பார்ப்பது

நுட்பமாகக் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. உனோ போர்டின் கடிகாரம் செராமிக் ரெசனேட்டரில் ஓடுகிறது, அது அரை சதவீதம் வரை விலகலாம். 1500-ல் அரை சதவீதம் என்றால் 7 சுற்றுக்கு மேல். மேலே போட்ட கணக்கு எதிலும் இந்தப் பிழை தெரியாது, ஏனென்றால் எல்லா எண்ணையும் அது ஒரே விகிதத்தில் தள்ளிவிடும்.

சரிபார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை, பழைய சோக் வைத்த டியூப்லைட் போதும். மின்சாரம் செகண்டுக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் டியூப் இரண்டு முறை பளிச்சிடும், ஆகச் செகண்டுக்கு 100 முறை. 300 ஆர்.பி.எம்.மில் நம் தட்டின் வெட்டுகளும் செகண்டுக்கு 100 கடக்கும். அந்த வேகத்தில், மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு டியூப் வெளிச்சத்தில் பார்த்தால், 20 வெட்டுகளும் அசையாமல் நிற்பது போல் தெரியும். நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி. விளக்கில் இது தெரியாது, அதில் மினுக்கல் இருக்காது.

இரவு கடையடைத்தபின் இதைச் செய்தோம். வேகத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் 150-ல் ஒருமுறை நின்றது போல் தெரியும், ஆனால் வெட்டுகள் இருபதுக்குப் பதில் நாற்பதாகத் தெரியும். அதைக் கண்டு ஏமாற வேண்டாம். இருபதாக நிற்கும் முதல் இடமே 300. வெட்டுகள் ஓடும் திசையிலேயே மெல்ல ஊர்ந்தால் வேகம் சற்று அதிகம், எதிர்த் திசையில் ஊர்ந்தால் சற்றுக் குறைவு. ஒரு வெட்டு இடத்தைக் கடக்கப் பத்து செகண்ட் எடுத்தால் வேறுபாடு வெறும் 0.3 சுற்று. நின்றது போல் தெரிந்தாலும் தட்டு சுழன்றுகொண்டுதான் இருக்கிறது, விரலைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

எங்கள் தட்டு அசையாமல் நின்றபோது மீட்டர் சராசரியாக 301.2 காட்டியது. நிரலில் இருந்த `60.0e6`-ஐ 300 / 301.2 என்ற விகிதத்தில் குறைத்து `59.76e6` என்று மாற்றினோம். மறுபடி ஓட்டியபோது சராசரி 300.1-க்கும் 299.8-க்கும் நடுவே நின்றது. அண்ணன் 36 கேஜ் கம்பியை மாட்டிவிட்டு, 100-ல் காலை வைத்தார்.